பணியில் சேர்ந்த தேதி

பேருந்துப் பணிமனையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முந்நூற்று நாற்பது ஓட்டுநர் நடத்துநர்களுக்கு வாராவாரம் டூட்டி சார்ட் போட்டு ஒட்டுகிறவர் என்பதால் ‘சார்ட்டு’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. நேரில் சார்ட்டு சார், முதுகுக்குப் பின்னால் வெறும் சார்ட்டு. இரண்டும் அவர் காதில் விழும். இரண்டுமே பட்டம் மாதிரி இனிக்கும்.

சார்ட்டுக்கு ஒரு திறமை உண்டு. முந்நூற்று நாற்பது பேரும் வேலைக்குச் சேர்ந்த தேதி அவருக்கு மனப்பாடம். பணிமனையில் எல்லாமே அந்தத் தேதியை வைத்துத்தான். யார் சீனியர், யாருக்கு எந்த ரூட், யாருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று எது கேட்டாலும் சேர்ந்த தேதியைப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். பிறந்த தேதி எதற்கு? ரிட்டயர் ஆகிற அன்றைக்கு மாலை போட. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பதினெட்டு வருஷம் இப்படியே ஓட்டியதில், மனிதர்கள் பிறப்பதில்லை, பணியில் சேர்கிறார்கள் என்றே அவர் நம்பத் தொடங்கியிருந்தார்.

வீட்டிலும் அதே சட்டம்தான். கல்யாண நாளை அவர் ஒரு தடவைகூட மறந்ததில்லை. காலை ஆறு மணிக்கே பரிசுப் பொட்டலத்துடன் சமையலறை வாசலில் நிற்பார். அது மனைவி பணியில் சேர்ந்த தேதி. மனைவியின் பிறந்தநாளோ பதினான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட ஞாபகம் வந்ததில்லை. கேட்டால் காரணம் தயாராக இருக்கும். “அது எனக்கு முந்தின நிர்வாகத்துல நடந்ததும்மா.” முதல் வருஷம் மனைவி இதற்குச் சிரித்தாள். நாலாவது வருஷம் அழுதாள். அதற்கப்புறம் ஒன்றும் சொல்வதில்லை. இந்த வருஷமும் அந்த நாள் வந்தது, போனது. சார்ட்டு அன்றைக்குப் புது ரூட் ஒன்றுக்கு ஆள் போடுவதில் மும்முரமாக இருந்தார்.

நாய்க்குட்டி வந்து சேர்ந்தது ஜூலை பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை. மாமியார் வீட்டு நாய் நாலு குட்டி போட்டிருந்தது. மூத்த மகளுக்கு ஒன்று, இளைய மகளுக்கு ஒன்று என்று மாமியாரே ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். இன்னும் கொஞ்ச நாள் தாயோடு வைத்திருக்கத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் தாய்க்குப் பால் வற்றிவிட்டது, குட்டிகள் கிட்டே போனால் சீறுகிறது.

“பொறந்த தேதியெல்லாம் சீட்டுல எழுதியிருக்கேன் மாப்ள. மூணு ஊசி. ஆறு வாரம், ஒம்பது வாரம், பன்னண்டு வாரம். அது முடியற வரைக்கும் வெளிய தரையில விட்டுடாதீங்க” என்று மாமியார் ஒரு மடித்த சீட்டைக் கொடுத்தாள்.

“அத்தை, இதெல்லாம் என்கிட்ட சொல்லணுமா?” என்றார் சார்ட்டு. சீட்டைப் பிரிக்காமலேயே ‘நாய்’ என்று எழுதிய ஒரு கோப்புக்குள் வைத்தார். ஆமாம், கோப்பு முன்பே தயாராக இருந்தது.

குட்டி பழுப்பு நிறம். வயிறு மட்டும் வெள்ளை. இறக்கிவிட்டதும் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி எல்லோரையும் மோந்து பார்த்துவிட்டு, கடைசியில் சார்ட்டு கழற்றிப் போட்டிருந்த ஷூவுக்குள் தலையை விட்டுத் தூங்கிப் போயிற்று. பணிமனைத் தூசும் டீசலும் நாறுகிற ஷூ அது. வீட்டில் யாரும் அதைக் கையால்கூடத் தொடமாட்டார்கள். சார்ட்டு குட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய ஷூவை ஒருவர் விரும்பியது அதுதான் முதல் தடவை. பணிமனையில் புதிதாகச் சேருகிறவனை எல்லோரும் ‘புதுசு’ என்பார்கள். குட்டிக்கும் அந்தப் பெயரையே வைத்தார்.

அன்று மாலையே சார்ட் தயாரானது. வரிசை எண், பெயர், பணியில் சேர்ந்த தேதி, ஆறாவது வாரம், ஒன்பதாவது வாரம், பன்னிரண்டாவது வாரம், குறிப்பு. ஜூலை பன்னிரண்டிலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் இருபத்து மூன்று, செப்டம்பர் பதின்மூன்று, அக்டோபர் நாலு. மூன்றுமே ஞாயிற்றுக்கிழமை, மூன்றுமே அவருடைய ஓய்வு நாள். சார்ட்டுக்கு மெய்சிலிர்த்தது. வருஷக்கணக்கில் உழைத்தும் பணிமனையில் இப்படி அழகாக ஒரு சார்ட் அமைந்ததில்லை.

மறுநாள் அதை லேமினேட் செய்து கொண்டுவந்தார். எங்கே ஒட்டுவது என்பதிலும் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. டூட்டி சார்ட் என்பது சம்பந்தப்பட்டவர் கண்ணில் படுகிற உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் நாளைக்கு ‘எனக்குத் தெரியாது சார்’ என்று சொல்ல முடியாது. ஆகவே தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், புதுசின் தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே, சுவரில் ஒட்டினார். புதுசு வந்து அதை நக்கிப் பார்த்தது.

“பாத்தியா, படிக்குது” என்றார்.

மனைவி குனிந்து படித்தாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்ப்பவள். பொடி எழுத்தைப் படிப்பது அவளுக்குத் தொழில். “அதென்ன, பணியில் சேர்ந்த தேதி?” என்று கேட்டுச் சிரித்தாள். கணவர் ஜோக் அடித்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். பதினான்கு வருஷத்தில் அந்த மனிதர் ஒரு ஜோக் அடித்ததில்லை என்பதை அவள் அந்த இடத்தில் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த நாள், ஜூலை பதினாலு செவ்வாய்க்கிழமை, சகலை ஒரு படம் அனுப்பினான். சகலை என்றால் மனைவியின் தங்கை கணவன். டயர் கடை வைத்திருக்கிறான். பள்ளிக்கூடம் லீவு என்று தெரியாமல் பிள்ளையை யூனிஃபார்ம் போட்டுக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பூட்டிய கேட்டைப் பார்த்து வாட்ச்மேனோடு சண்டை போட்டுவிட்டு வந்த ஆள். படத்தில் அவன் கையில் அவன் பங்குக் குட்டி இருந்தது. பக்கத்தில் ஊசியோடு ஒரு டாக்டர். கீழே ‘ஃபர்ஸ்ட் டோஸ் ஓவர்’ என்று எழுதி நாலு எலும்புப் படம் போட்டிருந்தான்.

சார்ட்டு உடனே போன் போட்டார்.

“சகல, என்ன காரியம் பண்ணியிருக்க? வந்து ரெண்டு நாள்தான் ஆகுது, அதுக்குள்ள ஊசியா? பச்சக் குட்டிய கொல்லப் பாக்கறியா?”

“ரெண்டு நாளா? ஆறு வாரம் ஆச்சு சகல. செவ்வாக்கிழம பொறந்துச்சு. கடையில காலண்டர்ல பொறந்த கட்டத்துக்குக் கீழ ஆறு கட்டம் எறங்கினேன், இன்னிக்குத் தேதி வந்துச்சு. அப்புறம் மூணு கட்டம், அப்புறம் மூணு கட்டம். எல்லாம் செவ்வாக்கிழமதான் வருது. சுலபமா இருக்கு.”

“கட்டம் எறங்கினானாம்” என்று போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார். “டயர் கடையில காலண்டர் பாத்துச் சொல்றான். நான் யாரு? இதுல எனக்கு அவன் கிளாஸ் எடுக்கறான்.”

“அவர் சொல்றது சரிதாங்க. எதுக்கும் ஆஸ்பத்திரில ஒரு வார்த்த கேட்டுடுங்களேன்” என்றாள் மனைவி.

கேட்டார். ஸ்பீக்கரில் போட்டே கேட்டார், உலகத்துக்கே கேட்கும்படி. “மேடம், நாய்க்குட்டிக்கு மொத ஊசி ஆறாவது வாரம்தானே?”

“ஆமா சார், ஆறாவது வாரம்” என்றது நாய் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசைக் குரல். “குட்டி எப்ப பொற...”

“அதான் கேட்டேன். தேங்க்ஸ்.” போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். தீர்ப்பு வாங்கிக்கொண்டு கோர்ட்டுப் படி இறங்குகிறவருடைய பார்வை அது. ஆஸ்பத்திரியே சொன்ன பிறகு மனைவி வேறென்ன சொல்லமுடியும்? துணி மடிக்கப் போய்விட்டாள்.

நாட்கள் ஓடின. சார்ட்டு மாலையில் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியதும் புதுசு ஓடிவந்து அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் பணிமனையில் ஏழு மணிவரை உட்கார்ந்து யாரையாவது மாற்றி யாரையாவது போட்டுக்கொண்டிருந்தவர் இப்போது ஐந்தரைக்கே பையைத் தூக்கினார். கேட்டால் முதுகுவலி என்பார். ஒரு நாள் மனைவி கூடத்துக்கு வந்தபோது அவர் தரையில் குப்புறப் படுத்து, புதுசிடம் அன்றைய டூட்டிக் குளறுபடிகளை வரிசையாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, சோபாவுக்கு அடியில் பேனா விழுந்துவிட்டது என்றார். பேனா சட்டைப் பையில் இருந்தது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் எதிர்வீட்டுக் குட்டி செத்துப்போனது. பார்வோ என்றார்கள், நாய்க்குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோய். இரண்டு நாள் வாந்தி, ரத்தமாகப் போனது, மூன்றாவது நாள் முடிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். “ஊசி போடலாம் போடலாம்னு தள்ளிட்டே வந்துட்டேன் சார்” என்றார்.

“அதுக்குத்தான் ஒரு சார்ட் போட்டு வெச்சுக்கணும்ங்கறது” என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார் சார்ட்டு.

நாலாம் தேதி சகலை இரண்டாவது படம் அனுப்பினான். சார்ட்டு அதைத் திறக்கவேயில்லை.

ஆறாம் தேதி வியாழக்கிழமை காலை. சார்ட்டு குளித்துவிட்டு வந்து ஷூவை எடுக்கப் போனார். புதுசு ஷூவில் இல்லை. கிண்ணத்துக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. முன்னால் மஞ்சளாய் நுரைத்த வாந்தி. கூப்பிட்டால் தலையைத் தூக்கவில்லை, வாலின் நுனி மட்டும் ஒரு தடவை அசைந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு முழுக்கக் குலுங்கி இன்னொரு தடவை வாந்தி எடுத்தது.

சார்ட்டு எதையும் பார்க்கவில்லை. புதுசை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினார். மனைவி கடைக்குப் போன் போட்டு லீவு சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினாள். ஆட்டோவில் குட்டியின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஃபினாயில் வாடை அடித்தது. பெஞ்சுகளில் பூனைக் கூடைகளும் இரண்டு சின்னக் குட்டிகளும். வரவேற்பு மேசைப் பெண் துண்டைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள்.

“வாந்தியா சார்? ஊசி போட்டாச்சா?”

“இல்ல. இருபத்து மூணாந்தேதி மொத ஊசி.”

“அப்ப உள்ள வராதீங்க. மத்த குட்டிங்க இருக்கு. சுத்திட்டுப் பின்வாசல் வழியா வாங்க.”

பின்வாசல் அறையில் ஒரு எஃகு மேசை, ஒரு எடை மெஷின், சுவரில் ஒரு காலண்டர். அந்தப் பெண் கையுறை மாட்டிக்கொண்டு வந்து குட்டியை எடை போட்டாள். பிறகு ஒரு அட்டையை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

“டேட் ஆஃப் பர்த் சொல்லுங்க.”

“ஜூலை பன்னண்டு” என்றார் சார்ட்டு.

அவள் குட்டியைப் பார்த்தாள். எடையைப் பார்த்தாள். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள். “மூணரை வாரக் குட்டியா இது? பல்லு எல்லாம் மொளச்சிருக்கே சார். எப்ப பொறந்துச்சு?”

“எங்க வீட்டுல சேந்தது ஜூலை பன்னண்டு.”

“சேந்தது இல்ல சார். பொறந்தது.”

முந்நூற்று நாற்பது தேதிகள் நிறைந்த அந்தத் தலைக்குள் சார்ட்டு தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. “தேதி சீட்டுல இருக்கு. சீட்டு கோப்புல இருக்கு. கோப்பு வீட்டுல இருக்கு” என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. மனைவி சொல்ல வாயெடுத்தாள், பிறகு அவர் வாயிலிருந்தே வரட்டும் என்று காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வயசு தெரியணும் சார். ஊசி கணக்கெல்லாம் பொறந்த நாள்லேர்ந்துதான். தாய்ப்பால்ல வந்த பாதுகாப்பு கொஞ்சம் கொஞ்சமா கொறையும், அது கொறையக் கொறைய நாம போட்டுட்டே போகணும். உங்க வீட்டுக்கு என்னிக்கு வந்துச்சுன்னு அதோட ஒடம்புக்கு எப்படித் தெரியும்?”

சார்ட்டு மெதுவாகப் போனை எடுத்து சகலைக்குப் போட்டார். ஒரு கையில் குட்டி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

“சகல... குட்டிங்க என்னிக்குப் பொறந்துச்சு?”

“ஜூன் ரெண்டு, செவ்வாக்கிழம. ஏன் சகல, கொரலு ஒரு மாதிரி இருக்கு?”

“நல்லா தெரியுமா? ஜூன் ரெண்டுதானா?”

“அது எப்படி மறக்கும்? அக்கா பொறந்தநாளாச்சே. மூத்தவ பொறந்த அன்னிக்கே நாய் குட்டி போட்டிருக்குன்னு அத்தை அன்னிக்கு ஊருக்கே போன் பண்ணாங்க. அதுக்காகத்தானே நாலுல நல்ல குட்டியா பாத்து உங்களுக்குக் கொடுத்தாங்க. உங்களுக்குத் தெரியாதா என்ன?”

டயரில் காற்று அடிக்கிற சத்தம் மட்டும் போனில் கேட்டுக்கொண்டிருந்தது. வரவேற்பு மேசைப் பெண் அட்டையைப் பார்த்துக்கொண்டு மிக மெதுவாக ஜூன் இரண்டு என்று எழுதினாள். மனைவி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சார்ட்டு போனை அணைத்தார்.

டாக்டர் அம்மாள் வந்தாள். அதிகம் பேசாத, வேகமான பெண்மணி. காய்ச்சல் பார்த்தாள், வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தாள், ஒரு பஞ்சுக் குச்சியில் மலம் எடுத்து மருந்தில் கலக்கி, சின்ன வெள்ளைப் பட்டையில் நாலு சொட்டு விட்டு முக்காலிமேல் வைத்தாள்.

“பத்து நிமிஷம். ஒரு கோடு வந்தா பார்வோ இல்ல. ரெண்டு கோடு வந்தா இருக்கு. பொறந்து ஒம்பது வாரம் ரெண்டு நாள் ஆகுது. ஆறும் போயிடுச்சு, ஒம்பதும் போயிடுச்சு. வெளிய விட்டீங்களா?”

“ஒரு அடிகூட விடல டாக்டர். வீட்டுக்குள்ளயேதான். எப்பவும் என் ஷூவுக்குள்ளதான் தலைய வெச்சுத் தூங்கும்.”

“தெருவுக்குப் போட்டுட்டுப் போற ஷூவா?”

“ஆமா.”

“எதிர்லயோ பக்கத்துலயோ ஏதாவது குட்டிக்குப் பார்வோ வந்துச்சா?”

சார்ட்டு தலையை மட்டும் ஆட்டினார். எதிர்வீட்டு வாசலில் நின்று அவர் ஆறுதல் சொன்னது இந்த ஷூவில்தான்.

“அந்தக் கிருமி தரையில மாசக்கணக்குல உயிரோட இருக்கும். ஷூவுல ஒட்டிட்டே வரும். குட்டிய வெளிய விடலன்னா மட்டும் போதாது” என்று சொல்லிவிட்டு டாக்டர் அம்மாள் அடுத்த அறைக்குப் போனாள்.

அந்தப் பத்து நிமிஷத்தில் சார்ட்டு தன் பதினெட்டு வருஷ சர்வீஸில் உட்காராத இடத்தில் உட்கார்ந்தார், அதாவது தரையில். வெள்ளைப் பட்டையில் முதல் கோடு மெல்லச் சிவந்து வந்தது. அதற்குப் பக்கத்தில் காலியாய் இருந்த இடத்தையே பார்த்தார். அங்கே ஒரு நிழல் விழுந்தாலும் அவருக்கு உயிர் போய்வந்தது. அவர் எத்தனையோ பேருக்கு லீவு மறுத்திருக்கிறார், எத்தனையோ பேருடைய ஓய்வைப் பிடுங்கியிருக்கிறார், அப்போதெல்லாம் தூக்கம் கெட்டதில்லை. இப்போது துண்டுக்குள் கிடந்த இரண்டு கிலோ உயிர்மேல் கை வைத்து ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டிருந்தார். ‘எனக்குத் தெரியாது சார்’ என்று சொல்லக்கூட அதற்கு வழியில்லை. ஒரு சாண் உயரத்தில் சார்ட் ஒட்டியிருந்தாரே.

“என்னால தாங்க முடியாது” என்றார், யாரிடம் என்றில்லாமல். “இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது.”

மனைவி பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். குட்டியின் காதுக்குப் பின்னால் தடவிக்கொடுத்தாள்.

அப்போது புதுசு எழுந்து நின்றது. முதுகை வளைத்தது. மூன்று தடவை குமட்டி, எஃகு மேசையின் காலடியில் வாந்தி எடுத்தது. இந்த முறை நுரைக்கு நடுவே ஏதோ பளபளத்தது.

கையுறை மாட்டிய பெண் குனிந்து இடுக்கியால் எடுத்தாள். நாலைந்து பிளாஸ்டிக் துண்டுகள். பெரிய துண்டு ஒன்றைக் குழாயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தாள். “ஏதோ எழுதியிருக்கு சார். ப... ணி... யில் சே...”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்துச் சார்ட்டு பதறினார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அம்மாள் வந்து பட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கோடுதான். துண்டுகளைப் பார்த்தாள், வயிற்றை மறுபடி அழுத்திப் பார்த்தாள். “இதத் தின்னுட்டுத்தான் இந்தப் பாடு. இந்த டெஸ்ட் எப்பவாச்சும் ஏமாத்தும், அதனால ரெண்டு நாள் கவனமா பாருங்க. ரத்தமா போனாலோ, சாப்பிடாம இருந்தாலோ, மறுபடி வாந்தி வந்தாலோ ஓடி வாங்க. இப்ப வாந்திக்கு ஊசி, தோலுக்கடியில கொஞ்சம் டிரிப்ஸ். தடுப்பூசி இன்னிக்குப் போடக்கூடாது, ஒடம்பு தேறணும். செவ்வாக்கிழம கொண்டு வாங்க. அந்த ஷூ இனிமே வாசல்லயே இருக்கட்டும்.”

“செவ்வாக்கிழம போட்டா சரியா போயிடுமா டாக்டர்? ஆறு, ஒம்பது ரெண்டும் விட்டுப் போயிடுச்சே.”

“விட்டது விட்டதுதான். அதத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆனா ஆரம்பிக்கலாம். ஆரம்பிச்சா மட்டும் நடுவுல விடக்கூடாது.”

வரவேற்பு மேசைப் பெண் சுவர்க் காலண்டருக்குப் போனாள். ஜூன் இரண்டில் விரலை வைத்து, செவ்வாய்க்கிழமை வரிசையிலேயே ஒவ்வொரு கட்டமாகக் கீழே இறங்கினாள். தாள் புரட்டி இறங்கினாள். சகலை சொன்ன அதே கட்டம் இறங்கும் வித்தைதான். “ஜூலை பதினாலு, ஆகஸ்ட் நாலு, ஆகஸ்ட் இருபத்தஞ்சுன்னு வந்திருக்கணும். இப்ப ஆகஸ்ட் பதினொண்ணு பத்து வாரம். அன்னிக்கு மொத ஊசி. அதுலேர்ந்து மூணு வாரம் செப்டம்பர் ஒண்ணு. இன்னும் மூணு வாரம் செப்டம்பர் இருபத்திரண்டு, அப்ப பதினாறு வாரம்.” எழுதி அட்டையை நீட்டினாள். “லேமினேட் பண்ணிடாதீங்க சார்.”

திரும்பும் ஆட்டோவில் புதுசு அவர் மடியில் தூங்கியது. வெறுங்கால்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு சார்ட்டு ஆஸ்பத்திரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “ஜூன் ரெண்டு” என்றார்.

“ஆமா” என்றாள் மனைவி.

“இந்த வருஷமும் விட்டுட்டேன்.”

“அதுவும் ஒம்பது வாரம் ரெண்டு நாள்தான் ஆகுது” என்றாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அடுத்ததைச் சொல்லும்போது அந்தச் சிரிப்பு இல்லை. “பதினாலு வருஷம்ங்க. வருஷா வருஷம் அன்னிக்குச் சாயங்காலம் நீங்க வர்ற வரைக்கும் வாசலப் பாத்துட்டிருப்பேன். இன்னிக்கு அந்தப் பொண்ணு கேட்டப்போ உங்களுக்குத் தேதி தெரியல பாருங்க, அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. உங்களுக்கு மறந்து போகல. தெரியவே தெரியாது.”

முந்தின நிர்வாகம் என்று தொடங்கும் அந்த வாக்கியம் சார்ட்டின் நாக்கு நுனிவரை வந்து, வெட்கப்பட்டுத் திரும்பிப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை அவர் லீவு போட்டார். பணிமனையில் அதை யாரும் நம்பவில்லை. டூட்டி சார்ட்டில் சார்ட்டுக்கே மாற்று ஆள் போட வேண்டியிருந்தது. புதுசு ஊசிக்கு ஒரு தடவை ‘வீல்’ என்றது, அவ்வளவுதான். வீட்டு வாசலில் ஷூ வைக்க ஒரு மரப்பெட்டி வந்திருந்தது. கூடத்தில் புதுசுக்குக் கிழிந்த வீட்டுச் செருப்பு ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தது.

மாலையில் மனைவி வேலை முடிந்து வந்தாள். ஷூ பெட்டிக்குப் பக்கத்தில், வாசலிலேயே அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் பொட்டலம் ஒன்றும் இல்லை. “உள்ள வந்து பாரு” என்றார்.

சுவரில் புது சார்ட் ஒன்று இருந்தது. சாதாரணக் காகிதம். ‘பணியில் சேர்ந்த தேதி’ என்ற பத்தியே அதில் இல்லை. பிறந்த தேதி என்று ஒன்றுதான் இருந்தது. முதல் வரிசையில் மனைவி, ஜூன் இரண்டு. இரண்டாவது வரிசையில் புதுசு, ஜூன் இரண்டு. குறிப்பு என்ற இடத்தில், விட்டது பதினாலு, இனி விடக்கூடாது என்று அவருடைய கோணல் கையெழுத்தில் எழுதியிருந்தது.

“இவ்ளோ மேல ஒட்டியிருக்கீங்களே, புதுசு எப்படிப் படிக்கும்?” என்று மனைவி எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அதுக்கில்ல. சம்பந்தப்பட்டவர் கண்ணுல படற உயரத்துலதான் ஒட்டணும்” என்றார் சார்ட்டு.

காகிதம் சரியாக அவருடைய கண் உயரத்தில் இருந்தது.